ஆடாமல் துறந்த கோப்பை

நுழையும்முன்

நாடுகள் எவற்றை விரும்புகின்றன? பாதுகாப்பு, செல்வம், வலிமை என்று உடனே விடை கூறிவிடலாம். ஆயினும், எட்டும் தொலைவில் இருந்த வெற்றியை ஒரு நாடு தானே வேண்டாமென்று விலக்கிய நிகழ்வுகளும் வரலாற்றில் உண்டு. அத்தகைய நிகழ்வுகளை விளக்கப் பன்னாட்டு உறவுகள் குறித்த ஆய்வில் உருவான சிந்தனைமுறை கட்டுமானவாதம் ஆகும். தென்னாப்பிரிக்காவின் இனவொதுக்கலை இந்தியா எதிர்த்த வரலாற்றின் வழியே அச்சிந்தனைமுறையை இக்கட்டுரை விளக்குகிறது.

கோப்பையும் புதிரும்

டென்னிசு விளையாட்டில் நாடுகளின் அணிகள் மோதும் போட்டிகளுள் புகழ்மிக்கது டேவிஸ் கோப்பை. 1900ஆம் ஆண்டு தொடங்கிய அப்போட்டியில் 1973 வரை அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, பிரான்சு ஆகிய நான்கு தரப்பினரே மாறிமாறிக் கோப்பையை வென்றுவந்தனர். 1974ஆம் ஆண்டு அந்நிலை மாறியது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் ஆகிய உடன்பிறந்தோர் இடம்பெற்ற இந்திய அணி, கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவையும் புனேயில் சோவியத்து ஒன்றியத்தையும் வென்று இறுதிப் போட்டியை எட்டியது. எதிரணியாக வாய்த்தது தென்னாப்பிரிக்கா.

அப்போட்டி நடைபெறவே இல்லை. தோல் நிறத்தைக் கொண்டு மக்களைப் பிரித்து ஆளும் அரசின் அணியோடு இந்தியா விளையாடாது என்று முடிவாயிற்று. தென்னாப்பிரிக்கா ஒரு பந்தும் ஆடாமல் கோப்பையைப் பெற்றது. அதற்கு முன்பு 1966இலும் பின்பு 1987இலும் இந்தியா இறுதிப் போட்டி வரை சென்று தோற்றது. கோப்பை இன்றுவரை இந்தியாவின் கைக்கு வரவில்லை. எனவே 1974இல் இழந்தது மீண்டும் கிடைக்காத வாய்ப்பு ஆகும்.

போட்டியில் ஆடியிருந்தால் இந்தியாவின் எல்லைக்கு ஊறு நேர்ந்திராது. கருவூலத்திற்கும் இழப்பு ஏற்பட்டிராது. வென்றிருந்தால் உலகப் புகழ் கிட்டியிருக்கும். அவ்வாறிருந்தும் விலகியிருப்பதையே இந்தியா விரும்பியது. இவ்விருப்பம் எங்கிருந்து வந்தது என்பதே புதிர்.

இரு விளக்கங்கள்

பன்னாட்டு உறவுகளை விளக்கும் கோட்பாடுகளுள் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது எதார்த்தவாதம். நாடுகளுக்கு மேல் அவற்றை ஆளும் பேரரசு எதுவும் இல்லை. எனவே ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். ஆகவே எல்லா நாடுகளும் அடிப்படையில் பாதுகாப்பையே நாடும் என்பது அதன் வாதம். கென்னத் வால்ட்சு 1979இல் வெளியிட்ட நூலில் இக்கருத்திற்குச் செறிவான வடிவம் தந்தார். இப்பார்வையில் ஒரு நாட்டின் விருப்பம் முன்பே தீர்மானிக்கப்பட்டது. அதை அடையும் வழியும் வலிமையுமே நாட்டுக்கு நாடு வேறுபடும்.

கட்டுமானவாதிகள் இதற்கு முந்தைய வினாவை எழுப்பினர். விருப்பம் எவ்வாறு தோன்றுகிறது என்பதே அவ்வினா. தான் யார் என்று ஒரு நாடு கொண்டுள்ள எண்ணம் அதன் அடையாளம். அத்தகைய அடையாளம் உடையவர் எவ்வாறு நடந்துகொள்வது தகும் என்று பலரும் ஏற்றுக்கொண்ட எதிர்பார்ப்பு நெறி. அடையாளமும் நெறியும் சேர்ந்தே ஒரு நாட்டின் நலன் எது என்பதை வரையறுக்கின்றன என்பது அவர்கள் கூறும் விடை. நலன் இயற்கையில் கிடைப்பதன்று. மனிதர்களின் பழக்கத்தாலும் பேச்சாலும் கட்டப்படுவது. அதனால் இச்சிந்தனை கட்டுமானவாதம் எனப்பட்டது. நிக்கோலசு ஓனஃப் 1989இல் இப்பெயரை இத்துறைக்குள் கொண்டுவந்தார். தலைமையற்ற உலகம் எத்தகையது என்பதை நாடுகளே ஆக்கிக்கொள்கின்றன என்று வாதிட்ட அலெக்சாண்டர் வென்ட்டின் 1992ஆம் ஆண்டுக் கட்டுரை இதனைப் பரவலாக்கியது.

மனிதர் கட்டும் உண்மைகள்

‘கட்டப்படுவது’ என்பதால் அது பொய் என்று பொருளாகாது. சென்னையின் மேற்குப் புறநகரான மாங்காட்டினை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பேரூராட்சியாக இருந்த மாங்காடு 2021ஆம் ஆண்டு நகராட்சியாக உயர்த்தப்பட்டது. முதல்நாள் இருந்த தெருக்களும் வீடுகளும் காமாட்சி அம்மன் கோயிலும் மறுநாளும் அப்படியே இருந்தன. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் ‘நகராட்சி’ என்று ஒரு பொருள் கிடைக்காது. ஆயினும் நகராட்சி என்பது உண்மை. அதற்குத் தேர்தல் நடக்கிறது. அது வரி விதிக்கிறது. மக்கள் அந்த வரியைச் செலுத்துகின்றனர். அரசாணையும், அதனை எல்லாரும் ஏற்று நடப்பதுமே அவ்வுண்மையை நிலைநிறுத்துகின்றன.

அதனோடு இன்னொன்றும் நிகழ்கிறது. ‘இது நகராட்சி’ என்ற எண்ணம் ஊன்றியபின் எதிர்பார்ப்புகள் மாறுகின்றன. ‘நகராட்சி என்றால் கழிவுநீர் வடிகால் இருக்க வேண்டும், பூங்கா இருக்க வேண்டும்’ என்று கேட்பது இயல்பாகிறது. பெயர் மாறியதும் தகும் என்று கருதப்படுவது மாறுகிறது. தகுவது மாறியதும் விருப்பமும் மாறுகிறது. ஓர் ஊருக்குச் சிறிய அளவில் பொருந்தும் இவ்விதி நாடுகளுக்கும் பொருந்தும் என்பதே கட்டுமானவாதத்தின் மையக் கருத்து.

படைக்கருவிகளுக்கும் இது பொருந்தும் என்று வென்ட் காட்டினார். பிரிட்டனிடம் உள்ள ஐந்நூறு அணுகுண்டுகளைக் காட்டிலும் வடகொரியாவிடம் உள்ள ஐந்து அணுகுண்டுகளே அமெரிக்காவிற்கு மிகுந்த அச்சம் தருபவை என்றார் அவர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இவ்வச்சம் பொருளற்றது. பிரிட்டனை நண்பனாகவும் வடகொரியாவைப் பகையாகவும் அமெரிக்கா கருதுவதே அச்சத்திற்குக் காரணம். குண்டு பொருள், அது அச்சுறுத்தலா இல்லையா என்பது உறவைப் பொறுத்தது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டால் வரை

இந்தியாவின் 1974ஆம் ஆண்டு முடிவுக்கு வேர் எங்கே உள்ளது என அறிய, 114 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1860ஆம் ஆண்டு அக்டோபரில் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அது. 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இந்தியர் அவ்வாறு சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமே ஆவர்.

ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர்கள்மீது தலைவரி சுமத்தப்பட்டது. அவர்களது நடமாட்டமும் நிலவுரிமையும் குறுக்கப்பட்டன. அவற்றுக்கு எதிராகக் காந்தியடிகள் நடத்திய அறப்போராட்டத்தில் தமிழர் பெரும்பங்கு கொண்டனர். தில்லையாடியைப் பூர்விகமாகக் கொண்ட வள்ளியம்மை சிறை சென்று, நோயுற்று வெளிவந்து, 1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் தம் பதினாறாம் வயதில் உயிர்நீத்தார். இந்நிகழ்வுகள் தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரத்தை இந்திய விடுதலை இயக்கத்தின் சொந்தத் துயரமாக்கின. கடல் கடந்த மண்ணில் இந்தியர் இழிவுபடுத்தப்படுவது இந்தியாவே இழிவுபடுத்தப்படுவதாகும் என்ற எண்ணம் வேரூன்றியது.

ஆயினும் இயக்கத்தின் எண்ணம் அன்று அரசின் எண்ணமாகவில்லை. 1927ஆம் ஆண்டு கேப்டவுன் உடன்பாடு அதனைத் தெளிவாகக் காட்டுகிறது. அன்று இந்தியாவை ஆண்டது பிரித்தானியப் பேரரசு. தென்னாப்பிரிக்காவும் அப்பேரரசின் உறுப்பே. எனவே பேரரசின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பிடம் பணிவாகப் பேசித் தீர்த்துக்கொள்ளும் சிக்கலாகவே இது கருதப்பட்டது. இந்தியா திரும்ப விழைவோர்க்குப் பண உதவி தந்து அனுப்புவது, அங்கேயே தங்குவோரின் கல்வியையும் வாழ்க்கையையும் மேம்படுத்துவது என்று இரு தரப்பும் உடன்பட்டன. வலங்கைமானைச் சேர்ந்த சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் முதல் முகவராகத் தென்னாப்பிரிக்கா சென்று, நயமான பேச்சால் இயன்றதைச் செய்ய முயன்றார்.

1946: விருப்பம் மாறிய ஆண்டு

1946ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தென்னாப்பிரிக்கா புதிய நிலச்சட்டம் ஒன்றை இயற்றியது. இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்பதை அது வரையறுத்தது. அங்கிருந்த இந்தியர் அதனைச் சேரிச் சட்டம் என்று பழித்தனர். சிக்கல் பழையது, அதனால் பாதிக்கப்பட்டவர்களும் அதே மக்களே. ஆனால் இந்தியாவின் எதிர்வினை 1927இல் கண்டதைப் போன்றதன்று.

இந்தியா தன் தூதரைத் திரும்ப அழைத்தது. சிக்கலை ஐக்கிய நாடுகள் அவையின் முன் வைக்க வேண்டினது. ஜூலைத் திங்களில் தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தையும் தடைசெய்தது. இந்தியாவின் ஏற்றுமதியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு அன்று தென்னாப்பிரிக்காவிற்குச் சென்றுகொண்டிருந்தது. போரினாலும் பஞ்சத்தாலும் நலிந்திருந்த ஒரு நாட்டிற்கு அது சிறிய தொகையன்று. தடையால் தென்னாப்பிரிக்கா உடனே பணிந்துவிடும் என்று எதிர்பார்க்கவும் இடமில்லை. இந்தியாவின் கப்பற்படையோ தரைப்படையோ அதனை அச்சுறுத்தும் நிலையிலும் இல்லை.

1927க்கும் 1946க்கும் இடையில் மாறியது என்ன? விடுதலை வாயிலில் நின்ற இந்தியா, தன்னைப் பேரரசின் ஓர் உறுப்பாகக் கருதுவதை விட்டுவிட்டது. தற்சார்பும் தன்மானமும் உடைய நாடாகவும், அடிமைப்பட்ட மக்களின் முன்னோடியாகவும் தன்னைக் காணத் தொடங்கியது. பேரரசின் உறுப்புக்குத் தகுந்தது சமரசப் பேச்சு. தன்மானமுள்ள நாட்டிற்கோ இழிவுபடுத்துவோரிடம் வணிகம் செய்வது தகாது. அடையாளம் மாறியது, அதனோடு நலனின் பொருளும் மாறியது.

இவ்விடத்தில் கட்டுமானவாதிகள் செய்யும் ஒரு வேறுபாடு பயன்படுகிறது. ஒரு செயலைத் தேர்வு செய்யும்போது, ‘இதனால் எவ்வளவு பயன் கிடைக்கும், எவ்வளவு இழப்பு நேரும்?’ என்று கணக்கிடுவது ஒரு முறை. அது விளைவு நோக்கிய முடிவு. ‘என்னைப் போன்ற ஒருவர் இச்சூழலில் எவ்வாறு நடப்பது தகும்?’ என்று கேட்பது மற்றொரு முறை. அது தகவு நோக்கிய முடிவு. 1946இன் வணிகத் தடையை விளைவுக் கணக்கு எளிதில் விளக்காது. தகவுக் கணக்கு விளக்கும். 1974இல் கோப்பையைத் துறந்ததும் இரண்டாம் வகை முடிவே.

ஒரே வாக்கில் நின்ற தீர்மானம்

அவ்வாண்டின் இறுதியில் ஐ.நா. பொது அவையில் இச்சிக்கல் விவாதிக்கப்பட்டது. இந்தியக் குழுவிற்குத் தலைமை ஏற்றவர் விஜயலட்சுமி பண்டிட். தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் அவருக்கு எதிராக நின்றார். ஐ.நா. சாசனத்தை உருவாக்கியதில் பங்குபெற்றவர் ஸ்மட்ஸ். ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் ஐ.நா. தலையிடலாகாது என்னும் சாசன விதியையே தென்னாப்பிரிக்கா தன் கேடயமாகக் கொண்டது. மனித உரிமையை மதிப்பதாகச் சாசனத்தில் ஒப்பமிட்டபின் இனவேற்றுமை உள்விவகாரம் ஆகாது என்பது இந்தியாவின் மறுமொழி.

ஆக, இரு நெறிகள் அவையில் மோதின: இறைமை என்பது ஒன்று, மனித சமத்துவம் என்பது மற்றொன்று. 1946 டிசம்பர் 8ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவின் பக்கம் 32 நாடுகள். எதிராக 15 நாடுகள். நடுநிலை வகித்தவை 7. வாக்களித்த 47 நாடுகளுள் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவு தேவைப்பட்டது. அதற்குக் குறையாத முழு எண் 32 ஆகும். ஆதரித்தவற்றுள் ஒரே ஒரு நாடு எதிர்ப்பக்கம் சென்றிருந்தாலும் தீர்மானம் தோற்றிருக்கும். அமெரிக்காவும் பிரிட்டனும் எதிர்த்து வாக்களித்தன. இனச்சமத்துவம் என்னும் நெறி அன்று உலகில் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

‘நம்மவர்’ என்ற சொல்லின் விரிவு

1946இல் இந்தியா முறையிட்டது தென்னாப்பிரிக்க இந்தியருக்காக மட்டுமே. அங்கே எண்ணிக்கையில் மிகுந்திருந்த ஆப்பிரிக்க மக்களின் துயர் அம்முறையீட்டில் இடம்பெறவில்லை. மாற்றம் முதலில் தென்னாப்பிரிக்க மண்ணிலேயே நிகழ்ந்தது. 1947 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் தலைவர் சூமா, நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவர் நாயக்கர், திரான்சுவால் இந்தியக் காங்கிரசின் தலைவர் தாதூ ஆகியோர் இணைந்து போராட உடன்பட்டனர். மூவரும் மருத்துவர்கள், எனவே அது மருத்துவர் மூவரின் உடன்பாடு என்று அழைக்கப்பட்டது.

1948இல் அங்கே ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி இனவொதுக்கலை அரசின் முழுமையான கொள்கையாக்கியது. 1952இல் இந்தியா வேறு பன்னிரண்டு ஆசிய, அரபு நாடுகளோடு சேர்ந்து இனவொதுக்கலையே ஐ.நா.வின் விவாதப் பொருளாக்கியது. அம்முறையீடு இந்தியர் என்ற வட்டத்தில் நிற்கவில்லை; தென்னாப்பிரிக்காவின் வெள்ளையரல்லாத மக்கள் அனைவரையும் தழுவியது.

இந்த ஆறாண்டுகளில் இந்தியாவின் படைவலிமையோ நிலப்பரப்போ இவ்விரிவுக்குக் காரணமாகுமாறு மாறவில்லை. ‘நம்மவர்’ என்ற சொல்லின் எல்லை அகன்றது. கடல் கடந்த இந்தியரின் தாய்நாடு என்ற அடையாளத்தோடு, குடியேற்ற ஆட்சியால் ஒடுக்கப்பட்ட மக்கள் யாவரின் தோழன் என்ற அடையாளமும் சேர்ந்தது. அடையாளம் அகன்றதால் நலனும் அகன்றது. தொடர்பற்ற மக்களின் துயரத்தைத் துடைப்பதையும் இந்தியா தன் நலனாகக் கொண்டது.

ஒரு நெறி உலகைச் சுற்றிய கதை

ஒரு நாட்டின் நெறி உலகின் நெறியாவது எவ்வாறு? மார்த்தா ஃபின்னமோர், காத்தரின் சிக்கிங்கு ஆகிய அறிஞர்கள் 1998இல் மூன்று படிநிலைகளைக் கூறினர். முதலில் ஒரு சிலர் புதிய நெறியை முன்வைத்து வாதாடுவர். அவர்களது வாதத்தைக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான நாடுகள் ஏற்றபின், ஒன்றைப் பார்த்து ஒன்றாகப் பிற நாடுகளும் விரைந்து ஏற்கும். இறுதியில் அந்நெறி வாதத்திற்கே இடமில்லாத இயல்பாகிவிடும்.

இனச்சமத்துவ நெறியின் பயணத்தில் இம்மூன்றையும் காணலாம். 1946இன் முறையீடு முதற்படி. 1960 இரண்டாம் படியின் வாயில். அவ்வாண்டு மார்ச் 21ஆம் நாள் ஷார்ப்வில் என்னும் ஊரில் அமைதியாகத் திரண்ட ஆப்பிரிக்கர்மீது காவலர் சுட்டதில் 69 பேர் மாண்டனர். அதே ஆண்டு புதிதாக 17 நாடுகள் ஐ.நா.வில் சேர்ந்தன, அவற்றுள் 16 ஆப்பிரிக்க நாடுகள். 1962இல் தென்னாப்பிரிக்காமீது வணிகத் தடை முதலியவற்றை விதிக்குமாறு பொது அவை உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அதனை 67 நாடுகள் ஆதரித்தன; எதிர்த்தவை 16 மட்டுமே. இந்தியா 1946இல் தனியே செய்தது பதினாறு ஆண்டுகளில் உலக அவையின் வேண்டுகோளாயிற்று. ஒலிம்பிக் அமைப்பு 1970இல் தென்னாப்பிரிக்காவை நீக்கியது. 1977இல் பாதுகாப்பு அவை அந்நாட்டிற்குப் படைக்கருவி விற்பதை அனைவருக்கும் தடை செய்தது. அமிர்தராஜ் உடன்பிறந்தோர் களமிறங்காத 1974ஆம் ஆண்டு இப்பயணத்தின் நடுவில் அமைந்தது.

மூன்றாம் படிக்கு அமெரிக்காவே சான்று. கனிமங்களுக்காகவும் பொதுவுடைமை எதிர்ப்புக்காகவும் அந்நாடு தென்னாப்பிரிக்காவோடு நெருங்கியிருந்தது. அந்தத் தேவைகள் மறையாத நிலையிலேயே 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம், குடியரசுத் தலைவர் ரேகனின் மறுப்பையும் மீறித் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் அந்நாட்டின் அடையாளத்தை மாற்றியிருந்தது. உள்நாட்டில் இனச்சமத்துவத்தை ஏற்றவர்கள் வெளிநாட்டில் இனவொதுக்கலுக்குத் துணைபோவதைத் தகாததாகக் கண்டனர். இவ்வழக்கை விரிவாக ஆராய்ந்த ஆடி கிளாட்சு 1995இல் வெளியான தம் நூலில் இக்கருத்தையே வலியுறுத்தினார்.

ஐயங்களும் அளவுகோல்களும்

இவ்விளக்கத்தை எதார்த்தவாதிகள் எளிதில் ஒப்புவதில்லை. ‘ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்குத் தலைமை ஏற்க விழைந்த இந்தியா மலிவான விலையில் பெருமை தேடிக்கொண்டது, நெறி என்பது போர்வை’ என்பது அவர்களின் வாதம். இவ்வாதத்தில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. இந்தியாவிற்குப் பெருமை கிட்டியது. ஆனால் இனவேற்றுமையை எதிர்ப்பது பெருமை தருவதாக ஏன் ஆயிற்று? அரை நூற்றாண்டிற்கு முன்பு குடியேற்ற நாடுகளைப் பெருக்குவதே பெருமையாக இருந்தது. பெருமைக்கு உரியது எது என்பதை நெறியே தீர்மானித்தது என்பது கட்டுமானவாதியின் மறுமொழி.

ஒரு நாடு நெறியால் நடந்ததா, நெறியைப் போர்வையாக்கியதா என்று கண்டறிய அறிஞர்கள் சில அடையாளங்களை நோக்குவர். இழப்பு நேர்ந்தபோதும் அந்நாடு நிலைமாறாது நின்றதா என்பது முதலாவது. இந்தியா தன் தடையை நாற்பதாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தது; ஆட்சிகள் மாறியும் அது நீங்கவில்லை. நெறியை மீறுவோர் எவ்வாறு பேசுகின்றனர் என்பது இரண்டாவது. பிரிட்டனும் அமெரிக்காவும் பின்னாளில் தடைகளைத் தடுக்க முயன்றபோதும், இனவொதுக்கல் சரியானது என்று வாதிடவில்லை. ‘இனவொதுக்கல் தீயதே, ஆனால் தடைகளால் கறுப்பின மக்களே வருந்துவர்’ என்று காரணம் கூறின. மீறுவோர் சாக்குப்போக்குக் கூற நேர்வதே நெறி உயிரோடிருப்பதற்குச் சான்று. யாரும் மதிக்காத விதியை மீறுவோர் காரணம் கூறுவதில்லை.

கட்டுமானவாதத்திற்கு எல்லைகளும் உண்டு. ஒரு நாட்டிற்கு ஓர் அடையாளம் மட்டும் இருப்பதில்லை. பல அடையாளங்கள் மோதும்போது எது வெல்லும் என்று முன்கூட்டியே உரைக்க இக்கோட்பாட்டால் இயலாது. நடந்தபின் விளக்குவதில் அது வலிமையுடையது. நடக்கப்போவதைக் கணிப்பதில் வலிமை குன்றியது. நெறிகள் செயல்படும் வேகமும் குறைவு. 1946இன் முறையீட்டிற்கும் தென்னாப்பிரிக்காவில் அனைவரும் வாக்களித்த 1994ஆம் ஆண்டுத் தேர்தலுக்கும் இடையே 48 ஆண்டுகள் கழிந்தன. அந்த ஆண்டுகளில் சிறையும் துப்பாக்கியும் தம் வேலையைச் செய்துகொண்டே இருந்தன. நெறி மட்டுமே இனவொதுக்கலை வீழ்த்தவில்லை. உள்நாட்டு மக்களின் போராட்டமும் பொருளாதார நெருக்கடியும் பனிப்போரின் முடிவும் உடன் நின்றன.

மற்றொரு தவறான புரிதலையும் தவிர்த்தல் வேண்டும். ‘நெறி’ என்னும் சொல் தமிழில் நல்வழியையே குறிப்பதால், கட்டுமானவாதம் நல்லவற்றை மட்டுமே பேசுகிறது என்று தோன்றலாம். இத்துறையில் நெறி என்பது ஒரு குழு தகும் என்று ஏற்றுக்கொண்ட எதுவும் ஆகும். வெள்ளையர் உயர்ந்தோர் என்பதும் ஒரு காலத்தில் உலகின் வலிய நாடுகள் ஏற்றிருந்த நெறியே. தென்னாப்பிரிக்க அரசு வணிகத்தையும் நட்பையும் இழந்தும் இனவொதுக்கலைக் கைவிடாமல் நின்றதும் அடையாளத்தின் ஆற்றலால்தான். ஒரே கோட்பாடு இரு தரப்பின் பிடிவாதத்தையும் விளக்குகிறது.

மீண்டும் ஆடுகளத்தில்

1990 பிப்ரவரியில் நெல்சன் மண்டேலா இருபத்தேழு ஆண்டுச் சிறைவாசத்திலிருந்து விடுதலையானார். அவ்வாண்டே இந்தியா வந்த அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. இனவொதுக்கல் சட்டங்கள் நீக்கப்பட்ட பின், 1991 நவம்பர் 10ஆம் நாள் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி பன்னாட்டு ஆட்டத்திற்குத் திரும்பியது. அந்த ஆட்டம் நடந்த இடம் கொல்கத்தா, எதிரணி இந்தியா. 1993இல் இரு நாடுகளும் தூதரக உறவை மீண்டும் ஏற்படுத்திக்கொண்டன.

1974இல் அந்நாட்டோடு ஆட மறுத்ததும், 1991இல் அந்நாட்டை முதலில் வரவேற்று ஆடியதும் இந்தியாவே. தென்னாப்பிரிக்காவின் இருப்பிடம் மாறவில்லை; அதன் பொன்னும் வைரமும் மாறவில்லை. அது தன்னை யார் என்று கூறிக்கொண்டதோ அது மாறியது. மறுத்ததற்கும் வரவேற்றதற்கும் காரணம் ஒன்றே என்பதை உணர்ந்தவர்க்கு, கோப்பையைத் துறந்த புதிரும் விளங்கும்.